மேற்குச் சுவர் சூரியப் புகைபோக்கி: மேல் வாயிலிருந்து காற்று கீழே இறங்குகிறது, ஏன்?

#1 வைகைக்கரை

வணக்கம். மதுரையில் தரைத்தள வீடு. மேற்குப் பக்க அறை (10க்கு 12 அடி, கூரை உயரம் 10 அடி) மாலையில் அடுப்பு மாதிரி கொதிக்கும். மின்விசிறி சூடான காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. அதனால் மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் ஒரு சூரியப் புகைபோக்கி கட்டினேன்.

அமைப்பு இதுதான். சுவரோடு ஒட்டி கறுப்பு பெயின்ட் அடித்த தகரம். அதற்கு முன்னால் 40 செ.மீ. இடைவெளி விட்டு 5 மி.மீ. கண்ணாடி. அகலம் 1 மீட்டர். கீழ் வாயிலிருந்து மேல் வாய் வரை 3 மீட்டர் உயரம். மேல்பக்கம் முழுக்கத் திறந்திருக்கிறது, மழைக்கு மட்டும் மேலே ஒரு ஷீட் தூக்கி வைத்திருக்கிறேன். அறையிலிருந்து காற்று போவதற்கு, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சுவரில் ஓர் ஓட்டை போட்டேன்.

மாலை நாலு மணிக்கு அந்த ஓட்டையில் ஊதுபத்தி காட்டினால் புகையை இழுக்கிறது, ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை. மாடியிலிருந்து எட்டி மேல் வாயில் காட்டினால், தகரத்தின் பக்கம் புகை வேகமாக மேலே போகிறது, கண்ணாடியின் பக்கம் புகை கீழே இறங்குகிறது! அப்புறம் இன்னொன்று: இரவு எட்டு மணிக்கு உள்சுவரில் கை வைத்தால் முன்பைவிடச் சூடாக இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

#2 சேகர்_கட்டுமானம்

சார், முதல் விஷயம், இதைத் தெற்குச் சுவரில் வைத்திருக்கணும். எல்லாப் புத்தகத்திலும் தெற்குன்னுதான் இருக்கும். இரண்டாவது, கண்ணாடியை இரட்டையாகப் போடுங்கள், தகரம் இன்னும் சூடாகும், சூடு கூடினால் இழுவை கூடும். இடைவெளியைக் குறைக்க வேண்டாம். குழாய் பெரிசா இருந்தால்தான் நிறைய காற்று போகும். நான் கட்டின ஒரு கல்யாண மண்டபத்தில் சமையலறைப் புகைக்கூண்டு மூன்றடிக்கு மூன்றடி, அருமையா இழுக்குது.

#3 நிலவன்

இதில் மின்சாரம் எடுக்க முடியுமா? ஸ்பெயினில் மன்சனாரெஸ் என்ற ஊரில் இப்படி ஒன்று கட்டியிருந்தார்கள், கிட்டத்தட்ட 195 மீட்டர் உயரம், 50 கிலோவாட் டர்பைன். 1982 முதல் ஓடியது, 1989இல் புயலில் சாய்ந்துவிட்டது. 3 மீட்டரில் வைத்தால் என்ன கிடைக்கும்? உயரம் போதாது என்று நினைக்கிறேன்.

#4 அனல்மொழி

நிலவன், அவர் கேட்பது அறைக் காற்றை வெளியேற்ற, மின்சாரத்துக்கு இல்லை. ஆனாலும் அந்த உதாரணத்தை எடுத்தது நல்லதுதான், ஒரு முக்கியமான வித்தியாசம் அதில் தெரியும். மன்சனாரெஸில் தரையில் விரித்த பெரிய கூரைக்கு அடியிலேயே காற்று சூடாகிவிடும், சுமார் 20 டிகிரி கூடும். அந்தச் சூட்டோடு 195 மீட்டரும் ஏறுகிறது. அதனால் குழாயின் மொத்த உயரத்துக்கும் 20 டிகிரி கணக்கில் இழுவை கிடைத்தது. கணக்குப் போட்டால் 130 பாஸ்கல் சொச்சம் வரும். டர்பைன் சுமை இல்லாதபோது நொடிக்கு 15 மீட்டர் வேகம் வந்ததென்றால் அதற்கு இதுதான் காரணம்.

வைகைக்கரை வீட்டில் காற்று ஏற ஏறத்தான் சூடாகிறது. அடியில் அறைச் சூடு, உச்சியில் முழுச் சூடு. ஆக 3 மீட்டருக்கும் சராசரியாகப் பாதிச் சூடுதான் வேலை செய்கிறது. இழுவை அரை பாஸ்கல் அளவில்தான் இருக்கும். இந்த எண்ணை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

வைகைக்கரை, நான்கு விவரம் வேண்டும். சுவர் ஓட்டையின் சரியான அளவு என்ன? அறையில் வேறு எந்த ஜன்னல் திறந்திருக்கிறது? தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? மேல் வாயில் தகரத்தின் பக்கமும் கண்ணாடியின் பக்கமும் என்ன வெப்பநிலை? தெர்மாமீட்டரைச் சும்மா தொங்கவிட்டால் தகரத்தின் கதிர்வீச்சு பட்டு அதிகமாகக் காட்டும். அலுமினியத் தாளைக் குழல் போலச் சுருட்டி, இரண்டு பக்கமும் திறந்தபடி அதற்குள் வைத்து அளக்கவும்.

#5 மின்பெட்டி

இடைவெளி 40 செ.மீ. ரொம்பவே அதிகம். நான் இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவன். ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, அதுதான் சரியான இடைவெளி. அதற்கு மேல் போனால் வெப்பம் எடுப்பது குறையும் என்று 1942லேயே எலன்பாஸ் என்பவர் அளந்து காட்டியிருக்கிறார். நீங்களும் ஒரு செ.மீ., மிஞ்சினால் இரண்டு செ.மீ. வைத்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி, என் வீட்டு மாடியில் சோலார் பேனலைத் தகரக் கூரைக்கு மேல் 3 செ.மீ. உயரத்தில் பிட் செய்திருக்கிறார்கள். மதியத்தில் உற்பத்தி குறைகிறது. அதுவும் இதே பிரச்சினைதானா?

#6 வைகைக்கரை

அனல்மொழி மேடம், விவரங்கள்:

ஓட்டை ஓரடிக்கு ஓரடி. வடக்குப் பக்கம் 3க்கு 4 அடி ஜன்னல் திறந்திருக்கும், கொசுவலை உண்டு. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் எதுவும் இல்லை, சுவரில் ஆணி அடித்து ஒட்டியிருக்கிறது. நேற்று நாலரை மணிக்கு அளந்தேன், நீங்கள் சொன்னபடி அலுமினியத் தாள் சுற்றி. வெளிக்காற்று 37. மேல் வாயில் தகரத்தின் பக்கம் 48. நடுவில் 39. கண்ணாடியின் பக்கம் 37. தகரமே 70க்கு மேல் இருக்கும், கை வைக்க முடியவில்லை.

#7 அனல்மொழி

நன்றி, இதைவிடத் தெளிவாக யாரும் அளந்து தர முடியாது. கண்ணாடியின் பக்கம் 37, வெளிக்காற்றும் 37. அதாவது அந்தப் பக்கம் இருப்பது அறையிலிருந்து ஏறி வந்த காற்றே இல்லை, மேலேயிருந்து இறங்கிய வெளிக்காற்று. ஊதுபத்தி சொன்னதையே தெர்மாமீட்டரும் சொல்கிறது.

ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம். சூடான தகரத்தை ஒட்டிக் காற்று ஒரு படலமாக ஏறுகிறது. 3 மீட்டர் உயரத்தில் அந்தப் படலம் சுமார் 15 செ.மீ. தடிமன் ஆகியிருக்கும். ஏறும்போது பக்கத்திலுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துச் சேர்த்துக்கொண்டே போகும். அந்தக் காற்று கீழ் ஓட்டையிலிருந்து வர வேண்டும். போதாவிட்டால் எங்கே சுலபமாகக் கிடைக்கிறதோ அங்கிருந்து வரும். உங்களிடம் சுலபமான வழி மேல் வாய்தான், ஏனென்றால் 40 செ.மீ.யில் 25 செ.மீ. சும்மா கிடக்கிறது.

இப்போது ஓட்டையைப் பாருங்கள். ஓரடிக்கு ஓரடி என்றால் 0.09 சதுர மீட்டர். புகைபோக்கியின் குறுக்குப் பரப்போ 0.4 சதுர மீட்டர். அதே காற்று ஓட்டைக்குள் நாலரை மடங்கு வேகத்தில் நுழைய வேண்டும், தடையோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நான் போட்ட கணக்குக்கு இந்தச் சமன்பாடு போதும்:

```
u³ = g·β·H·Q / (K·ρ·cp·A)
```

u காற்றின் வேகம், g புவியீர்ப்பு முடுக்கம், β காற்று ஒரு டிகிரிக்கு விரியும் அளவு, H உயரம், Q காற்றில் சேரும் வெப்பம், ρ காற்றின் அடர்த்தி, cp அதன் தன்வெப்பம், A குறுக்குப் பரப்பு, K என்பது நுழைவு, திருப்பம், வெளியேற்றம் எல்லாவற்றின் தடையும் சேர்ந்தது. மேலே சொன்ன பாதிச் சூட்டுக் கணக்கு இதில் அடங்கிவிட்டது. மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் என்றும், கண்ணாடியில் போனது வெளியில் போனது எல்லாம் கழித்துப் பாதி காற்றில் சேர்கிறது என்றும் வைத்தேன். 3 சதுர மீட்டருக்கு 750 வாட்.

ஓரடி ஓட்டையோடு K சுமார் 40 ஆகிவிடுகிறது. அரை பாஸ்கல் சொச்ச இழுவையில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஓட்டையைத் தாண்டுவதிலேயே செலவாகிவிடுகிறது. மேல் வாயில் காற்று நொடிக்கு 16 செ.மீ. வேகத்தில் ஏதோ நகர்கிறது, குளிர்ந்த காற்று உள்ளே விழுவதைத் தடுக்க அதற்கு வலு இல்லை.

ஆகவே இரண்டு மாற்றம், இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இடைவெளியை 20 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கீழ் வாயையும் அதே பரப்புக்கு, அதாவது 0.2 சதுர மீட்டருக்குப் பெரிதாக்குங்கள். அப்போது K சுமார் 4. வேகம் நொடிக்கு 43 செ.மீ., மணிக்கு 300 கன மீட்டர் காற்று, மேலே வெளியேறும் காற்று அறைக் காற்றைவிட எட்டு டிகிரிக்குக் கொஞ்சம் கீழாகக் கூடியிருக்கும். உங்கள் அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். மணிக்கு ஒன்பது முறை காற்று மாறும்.

கண்ணாடியை நகர்த்தாதீர்கள், தகரத்தை முன்னே கொண்டுவாருங்கள். பின்னால் கிடைக்கும் 20 செ.மீ. இடத்தில் கிளாஸ் வூலோ ராக்வூலோ வையுங்கள். இரவில் சுவர் சூடாவது அதோடு தீரும், இப்போது 70 டிகிரித் தகரத்தை நேராகச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறீர்கள். தெர்மாகோல் மட்டும் வேண்டாம், 80 டிகிரி பக்கம் போனால் இளகிவிடும்.

#8 சேகர்_கட்டுமானம்

மேடம், உங்கள் சமன்பாட்டையே எடுத்துக்கறேன். A கூடினால் வேகம் குறையும், ஆனால் மொத்தக் காற்று வேகம் பெருக்கல் A. கணக்குப்படி இடைவெளியை இரட்டிப்பாக்கினால் காற்று ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடணும். அப்போ நான் சொன்னது சரிதானே?

#9 அனல்மொழி

சேகர் சார், கணக்கில் சரி, அதே வெப்பத்துக்கு 59 சதவீதம் கூடும். ஆனால் அந்தச் சமன்பாடு இடைவெளி முழுக்க ஒரே சூடு, ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது. வைகைக்கரையின் அளவீட்டில் தகரத்தின் பக்கம் 48, கண்ணாடியின் பக்கம் 37. அந்த அனுமானம் அங்கே உடைந்துவிட்டது. உடைந்த பிறகு சமன்பாடு எவ்வளவு கூடுதலாகச் சொன்னாலும் நம்பக் கூடாது. உங்கள் மண்டபத்துக் கூண்டில் அடுப்பு அடியில் இருக்கிறது, காற்று முழுதும் கலந்து சூடாகி ஏறுகிறது. அங்கே மூன்றடி சரி. ஒரு பக்கச் சுவர் மட்டும் சூடாகும் புகைபோக்கிக்கு உயரத்தில் பத்தில் ஒன்று அளவுக்கு மேல் இடைவெளி போனால் மேலேயிருந்து இறங்குகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வைகைக்கரையின் 3 மீட்டருக்கு அது 30 செ.மீ. நான் 20 சொன்னது கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான். 25 வைத்தாலும் தப்பில்லை.

தெற்குச் சுவர் விஷயம்: அந்தப் புத்தகங்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியவை. மதுரை பத்து டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் நேர் உச்சி. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிக்கு வடக்கே. அந்த மாதங்களில் தெற்குச் சுவருக்கு நண்பகலில் நேர் வெயிலே கிடையாது. மார்கழியில்தான் நன்றாகக் கிடைக்கும், அப்போது நமக்குத் தேவை இல்லை. மாலைக்கு வேண்டுமென்றால் மேற்குதான்.

இரட்டைக் கண்ணாடி கொஞ்சம் உதவும். வெப்பம் எவ்வளவு கூடினாலும் காற்று அதன் கனமூலத்தில்தான் கூடும். வெப்பத்தை இரட்டிப்பாக்கினாலே 26 சதவீதம்தான். அந்தச் செலவை ராக்வூலில் போடலாம்.

மின்பெட்டி, எலன்பாஸ் சரி, நீங்கள் அதை எடுத்து வைத்த இடம்தான் வேறு. ஹீட் சிங்கில் இடம் குறைவு, அதற்குள் எத்தனை தகடு அடுக்கினால் அதிக வெப்பம் போகும் என்பது கேள்வி. நெருக்கினால் பரப்பு கூடும், காற்று குறையும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தச் சிறிய இடைவெளி வருகிறது, தகடும் சாண் உயரம்கூட இருக்காது. இங்கே தகரம் ஒன்றே ஒன்று. வெப்பத்தை வெயில் கொடுத்துவிட்டது. நமக்கு வேண்டியது காற்றின் அளவு. 2 செ.மீ. வைத்தால் 3 மீட்டர் உயரத்துக்கு உராய்வே எல்லாவற்றையும் தின்றுவிடும், காற்று சுடச்சுட வரும், ஆனால் கொஞ்சமாக வரும்.

#10 மின்பெட்டி

புரிகிறது மேடம், ஆனால் என் பேனல் கேள்வி அப்படியே நிற்கிறது.

#11 அனல்மொழி

அதில் 3 செ.மீ. நிச்சயம் குறைவுதான். பேனல் சாய்ந்து படுத்திருப்பதால் இழுவைக்கான செங்குத்து உயரமும் குறைவு, அடியில் தகரமும் சூடாகிக் காற்றைச் சுடவைக்கிறது. சிலிக்கான் பேனலில் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவில் உற்பத்தி குறையும். 10, 15 செ.மீ.க்குத் தூக்கினால் வித்தியாசம் தெரியும், ஆனால் ஆடிக் காற்றுக்கு பிட்டிங் தாங்குமா என்று முதலில் பாருங்கள். மதியக் குறைவு முழுவதும் சூட்டால்தானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் வோல்டேஜ் கூடி தானே குறைத்துக்கொள்கிறதா என்பதும் இருக்கிறது, அது உங்கள் துறை.

#12 சேகர்_கட்டுமானம்

வைகைக்கரை சார், 0.2 சதுர மீட்டர்னா ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 செ.மீ. உயரம் வெட்டணும். அது ஒன்பது அங்குலச் சுவர், மேலே கூரை உட்கார்ந்திருக்கு. ஒரே நீளமா வெட்ட வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் மூன்று ஓட்டை போடுங்கள், நடுவில் செங்கல் தூண் விட்டுடுங்கள், மேலே சின்னதா ஒரு கான்கிரீட் பலகை. இப்ப இருக்கிற ஓட்டையை நடு ஓட்டையாக வச்சுக்கலாம். உள் விளிம்பை முனை இல்லாமல் உருட்டிப் பூசுங்கள். அதுவும் தடையைக் குறைக்கும், சரிதானே மேடம்?

#13 அனல்மொழி

ரொம்ப சரி. விளிம்பை உருட்டுவது செலவில்லாத வேலை, நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டையில் கொசுவலை வேண்டாம், வலை ஜன்னலிலேயே இருக்கட்டும். ஜன்னல் ஒரு சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே காற்று மெல்ல நுழையும், வலையின் தடை கணக்கிலேயே வராது. அதே வலையைச் சிறிய வாயில் கட்டினால் காற்று பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறையும்.

#14 சிங்கைச் செல்வம்

சிங்கப்பூரில் பிராடல் சாலையில் கட்டட ஆணையத்தின் பயிற்சிக் கழகத்தில் 2009இல் திறந்த பூஜ்ய ஆற்றல் கட்டடத்தில் இந்த மாதிரிப் புகைபோக்கிகள் உண்டு. அங்கே குழாய்கள் கூரையைத் தாண்டி நன்றாக உயர்ந்து நிற்கும். வைகைக்கரை, உங்கள் மேல் வாய் எங்கே முடிகிறது? மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலா, கீழா? காற்று அடித்தால் என்ன ஆகிறது?

#15 வைகைக்கரை

கைப்பிடிச் சுவரின் உச்சிக்கு ஓரடி கீழே முடிகிறது, வெளிப்பக்கம் பார்த்தபடி. நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வருகிறது, ஆடியில் மேல்காற்று பலமாக அடித்த நாட்களில் ஓட்டை வழியாக அறைக்குள் சூடான காற்றே வந்தது. தூசியும் வந்தது. அட்டை வைத்து அடைத்துவிட்டேன்.

#16 அனல்மொழி

செல்வம் கேட்டது சரியான கேள்வி, நான்கூட அதற்கு இன்னும் வரவில்லை. நம் இழுவை அரை பாஸ்கலுக்குள். நொடிக்கு 2 மீட்டர் காற்று, அதாவது இலை அசையும் அளவுதான், ஒரு சுவரில் மோதினால் 2 பாஸ்கலுக்கு மேல் அழுத்தம் தரும். ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று நேராக அந்தச் சுவரில்தான் மோதுகிறது. மேல் வாய் மோதும் முகத்திலேயே இருக்கிறது. வடக்கு ஜன்னலில் அதே நேரம் உறிஞ்சல் இருக்கும். புகைபோக்கி தலைகீழாக ஓடாமல் வேறென்ன செய்யும்?

மேல் வாயைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோங்கள். இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மேலே நீட்டும் ஒரு மீட்டருக்குக் கண்ணாடியும் வேண்டாம், கறுப்புத் தகரமும் வேண்டாம். அதே 1 மீட்டருக்கு 20 செ.மீ. குறுக்களவில் ஒரு சாதாரணப் பெட்டிக் குழாய், சுற்றிலும் ராக்வூல், அவ்வளவுதான்.

ஏனென்றால் #4இல் சொன்ன பாதிச் சூடு. கீழே 3 மீட்டரில் சராசரியாகப் பாதிச் சூடுதான் வேலை செய்கிறது. அதற்கு மேல் நீட்டும் குழாயில் இருப்பது முழுச் சூட்டோடு உள்ள காற்று. 3 மீட்டரில் பாதி ஒன்றரை, அதோடு முழுசாக ஒன்று, ஆக இரண்டரை. இழுவை மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது, காற்று 19 சதவீதம் கூடும். கண்ணாடியும் தகரமும் போட்டு அதே ஒரு மீட்டரை நீட்டினால் 21 சதவீதம். இரண்டு சதவீதத்துக்காகக் கண்ணாடியை மாடிக்கு ஏற்ற வேண்டியதில்லை.

குழாயின் வாயை மேலே குறுக்க மட்டும் கூடாது. மழைத் தொப்பிக்கும் வாய்க்கும் நடுவில் குறைந்தது 20 செ.மீ. இடம் விடுங்கள், எல்லாப் பக்கமும் திறந்திருக்கட்டும். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் ஒரு பக்கம் மோதும், மற்ற பக்கங்களில் உறிஞ்சும்.

#17 கௌரி

எல்லாம் சரி, ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நான் கோவையில் வீடுகள் வடிவமைப்பவள். மணிக்கு 300 கன மீட்டர் காற்றை வெளியேற்றினால் அதே அளவு வெளிக்காற்று ஜன்னல் வழியே உள்ளே வரும். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு மதுரையில் வெளியே 39 டிகிரி, அடைத்து வைத்த அறைக்குள் 35 என்று வைப்போம். புகைபோக்கியைத் திறந்தால் அறை சூடாகும், குளிராது. மேடம், அதன் கணக்கு எவ்வளவு?

#18 அனல்மொழி

ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 95 வாட். நீங்கள் சொன்ன 4 டிகிரிக்கு 380 வாட் உள்ளே வரும், ஒரு சின்ன ஹீட்டர் போல. மாலை ஆறு மணிக்கு வெளியே 34, அறை 37 என்றால் அதே புகைபோக்கி 285 வாட்டை வெளியே கொண்டுபோகும். வெப்பம் எந்தத் திசையில் போகிறது என்பதை முடிவு செய்வது அந்த வித்தியாசம். புகைபோக்கி காற்றின் அளவை மட்டும்தான் முடிவு செய்கிறது.

கௌரி சொன்னது நான் சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியம். கீழ் வாய்களுக்கு ஒரு மூடி போடுங்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர், ஜன்னலுக்கு வெளியே நிழலில் ஒன்று. வெளியே குறைவானதும் திறந்துவிடுங்கள். அது வரைக்கும் மூடியிருக்கட்டும். மூடியிருக்கும்போது மேல் வாயை அடைக்க வேண்டாம், இல்லாவிட்டால் உள்ளே சூடு ஏறி கண்ணாடி விரிசல் விடலாம்.

#19 வைகைக்கரை

அப்படியென்றால் சிக்கல் வேறு மாதிரி இருக்கிறது. வெளியே குறைய ஆரம்பிப்பதே ஐந்து, ஐந்தரைக்கு. ஆறரைக்குச் சூரியன் மறைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குத்தான் இதுவா?

#20 கௌரி

அதுதான் என் வாதம். தகரம் சூரியன் போன கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். தகரத்துக்குப் பதிலாகக் கண்ணாடிக்குப் பின்னால் செங்கல் சுவரே இருக்கட்டும், கறுப்புப் பூச்சோடு. பகல் முழுக்க வாய்களை மூடி வைத்துச் சூட்டைச் சேமித்து, ஏழு மணிக்குத் திறந்தால் இரவு பத்து வரை இழுக்கும். குளிர்நாட்டில் திரோம்ப் சுவர் என்று அறையைச் சூடாக்கக் கட்டுவதைத்தான் திருப்பிப் பயன்படுத்துகிறோம்.

#21 சேகர்_கட்டுமானம்

அம்மா, ஒன்பது அங்குலச் சுவரில் சூடு வெளியிலிருந்து உள்ளே வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு விழுந்த வெயில் ராத்திரி பத்து, பதினொன்றுக்கு அவர் தலைமாட்டில் வந்து நிற்கும். அதைத் தவிர்க்கத்தானே கிளாஸ் வூல் வைக்கச் சொன்னாங்க? நீங்க சொல்றதுக்குத் தனியா நாலு அங்குலச் சுவர் ஒன்று எழுப்பி, அதுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் பஞ்சு வைக்கணும். அஸ்திவாரம் வேணும். எடை, செலவு, எல்லாம்.

#22 கௌரி

நாலு அங்குலச் சுவர் தனியாக, நடுவில் ராக்வூல், ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். செலவு கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவை இரவில் இருக்கும்போது பகலில் மட்டும் ஓடுகிற ஒன்றைக் கட்டுவது எனக்குச் சம்மதம் இல்லை.

#23 அனல்மொழி

இதில் நான் ஒரு பக்கம் சாய மாட்டேன். செங்கல் பகல் சூட்டை வைத்திருக்கும், உண்மை. ஆனால் இரவில் அதே சூடு கண்ணாடி வழியாகவும் வெளியே போய்க்கொண்டிருக்கும், ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் காற்றில் சேர்வதில் பெரிய பங்கு இழப்பாகும். சேகர் சார் முதலில் சொன்ன இரட்டைக் கண்ணாடிக்கு அங்கேதான் மதிப்பு வருகிறது. கிடைக்கும் வெப்பம் மாலையில் கிடைப்பதில் நாலில் ஒன்று ஆனால்கூட, கனமூலம் என்பதால் காற்று 60 சதவீதத்துக்கு மேல் நிற்கும். அந்த மென்மை கௌரிக்குச் சாதகம். ஆனால் அறையின் கான்கிரீட் கூரையும் அதே நேரத்தில்தான் சூட்டை இறக்கும். இரவில் வெளிக்காற்று அறையைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருந்தால், அந்த வித்தியாசமே தனியாகக் கொஞ்சம் இழுவை தரும், வெயில் இல்லாமலேயே. அது எவ்வளவு என்று வைகைக்கரை வீட்டிலேயே அளந்த பிறகு செங்கலைப் பற்றிப் பேசலாம்.

#24 வைகைக்கரை

வேலை முடிந்தது, நீட்டுக் குழாய் மட்டும் பாக்கி (தகரக் கடைக்காரர் இன்னும் மடித்துத் தரவில்லை).

தகரம் முன்னே வந்து இடைவெளி 20 செ.மீ. பின்னால் ராக்வூல். சேகர் சார் சொன்னபடி மூன்று ஓட்டை, விளிம்பு உருட்டிப் பூசியது, மரப் பலகை மூடி. நாலரை மணிக்குச் சோதனைக்காகத் திறந்து பார்த்தேன். மேல் வாயில் தகரத்தின் பக்கம் 47, நடுவில் 44, கண்ணாடியின் பக்கம் 42, வெளியே 36, அறையும் கிட்டத்தட்ட அதே. ஊதுபத்திப் புகை மேல் வாயில் எல்லா இடத்திலும் மேலே போகிறது, வடக்கு ஓர மூலையில் மட்டும் அவ்வப்போது சுழன்று கீழே இறங்குகிறது. இரவு உள்சுவர் பக்கத்துச் சுவரைப் போலவே இருக்கிறது, தனியாகச் சூடு இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு வெளியே 31, அறை 34. வாய்களில் புகையை இழுக்கிறது, ஆனால் மெதுவாக. டிஷ்யூ பேப்பர் கீற்று தொங்கவிட்டால் லேசாகச் சாய்கிறது.

#25 அனல்மொழி

கண்ணாடியின் பக்கம் 42, வெளியே 36. இப்போது மூன்று இடத்திலும் அறையிலிருந்து வந்த காற்றுதான். சராசரியில் எட்டு டிகிரி பக்கம் கூடியிருக்கிறது, கணக்கோடு ஒத்துப்போகிறது. காற்றாடி வைத்த வேகமானி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், இந்த வேகத்தில் பல கருவிகளின் காற்றாடி சுற்றவே தொடங்காது. கீற்றும் புகையும் போதும்.

வடக்கு ஓர மூலை: அந்தப் பக்கம் தகரத்தின் அடிப்பகுதியில் ஏதாவது நிழல் விழுகிறதா?

#26 வைகைக்கரை

விழுகிறது மேடம், பக்கத்து வீட்டு வேப்பமரம். அடியிலிருந்து மூன்றடி வரைக்கும், நாலு மணியிலிருந்து.

#27 அனல்மொழி

அப்படியானால் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். அடியில் சேரும் வெப்பம் மூன்று மீட்டரும் வேலை செய்யும், உச்சியில் சேருவது அங்கேயே வெளியேறிவிடும். அதனால் அடியில் விழும் நிழல் மேலே விழும் நிழலைவிட அதிகம் கெடுக்கும். அந்த ஓரத்தில் பட்டை மட்டும் வலு குறைந்து ஏறுகிறது, மேலே பக்கத்துக் காற்று அதைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைகிறது. மரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன், அந்த வேம்புதான் உங்கள் சுவருக்கு இன்னொரு பக்கம் நன்மை செய்கிறது. நீட்டுக் குழாய் வந்த பிறகும் அந்த மூலையில் இறங்கினால், குழாய்க்குள் அந்த ஓரத்தில் 15 செ.மீ. அகலத்துக்கு ஒரு தகடு வைத்து அடைத்துப் பாருங்கள்.

#28 கௌரி

இரவு ஒன்பது மணிக்கு 3 டிகிரி வித்தியாசத்தில் மெதுவாகத்தான் இழுக்கிறது என்று அவரே எழுதிவிட்டார். நீட்டுக் குழாய் வந்ததும் அதே நேரத்தில் மறுபடி அளந்து போடுங்கள் வைகைக்கரை. அப்போதும் கீற்று லேசாகத்தான் சாய்ந்தால் நான் செங்கல் சுவருக்கு வரைபடம் போட்டு இங்கேயே வைக்கிறேன், சேகர் சார் செலவைக் கணக்குப் போடட்டும்.